கைப்பேசிப் படத்தில் காருக்குச் சாயம் அடித்துப் பார்ப்பது எப்படி?

சுங்கை பட்டாணியிலோ கூலிமிலோ ஏதாவது ஒரு ஸ்பிரே பட்டறையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். வருபவர் கைப்பேசியை நீட்டுகிறார். திரையில் அவருடைய சொந்தக் கார். பின்னால் அவர் வீட்டு வேலிகூடத் தெரிகிறது. ஆனால் வெள்ளி நிறக் கார் திரையில் மட்டும் கருஞ்சிவப்பாக மின்னுகிறது. "இதே கலர்தான் வேணும் அண்ணே" என்கிறார். சாயம் அடிப்பவருக்குச் சங்கடம். திரையில் தெரிவது ஒரு சாயத்தின் நிறம் அல்ல. அந்தப் படத்துக்குக் குறியீட்டு எண்ணும் கிடையாது. ஏறக்குறைய ஒத்துவரும் ஒரு சிவப்பைக் கலந்து அடிக்கிறார். கார் வெளியே வரும்போது, "படத்தில் பார்த்தது வேறு, இது வேறு" என்ற பேச்சு வருகிறது.

முழுக் காருக்கும் சாயம் மாற்றுவது சில ஆயிரம் ரிங்கிட் விழுங்கும் வேலை. ஆகவே முன்கூட்டியே படத்தில் பார்த்துக்கொள்ள நினைப்பது நியாயமானதுதான். ஒரே தொடுதலில் நிறம் மாற்றித் தரும் செயலிகள் ஏன் ஏமாற்றுகின்றன, நம்பத்தக்க முன்னோட்டத்தை எப்படித் தயாரிப்பது என்பதை இங்கே பார்ப்போம். அதற்குப் பட்டறையில் கேட்டு வாங்கிய ஒரு சிறிய சாய அட்டை போதும். வீட்டுக் கணினியில் GIMP போன்ற இலவச மென்பொருள் இருந்தால் மீதி வேலையும் நடந்துவிடும்.

படத்தில் இருப்பது சாயம் மட்டுமல்ல

கார் கதவின் ஒரு புள்ளியைக் கேமரா பதிவு செய்யும்போது அதில் இரண்டு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்த இடத்தில் விழுந்த வெளிச்சம். மற்றொன்று, அந்த வெளிச்சத்தில் எவ்வளவு பங்கைச் சாயம் திருப்பி அனுப்புகிறது என்பது. கேமராவுக்குக் கிடைப்பது இவ்விரண்டின் பெருக்கல் தொகை. 6 x 4 ஆனாலும் 8 x 3 ஆனாலும் விடை 24 என்பதுபோல், மங்கிய வெளிச்சத்தில் நிற்கும் வெள்ளைக் காரும் நல்ல வெளிச்சத்தில் நிற்கும் சாம்பல் காரும் படத்தில் ஒரே எண்ணைத் தரலாம்.

நிறத்தை மாற்றுவது என்றால் இந்தப் பெருக்கலில் பழைய சாயத்தை வகுத்து எடுத்துவிட்டு, புதிய சாயத்தைப் பெருக்க வேண்டும். வெளிச்சம் மாறக்கூடாது. கதவின் வளைவு, கைப்பிடிக்குக் கீழே விழும் நிழல், சக்கரத்துக்கு மேலே உள்ள புடைப்பு ஆகியவை எல்லாம் அந்த வெளிச்சத்தில்தான் இருக்கின்றன. எளிய செயலிகள் பல, காரின் மேல் ஒளி ஊடுருவும் வண்ணத்தாளை ஒட்டுவதுபோல் நிறத்தைப் பூசிவிடுகின்றன. அதனால் நிழல்கள் வெளுத்து, கார் பொம்மைபோல் ஆகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் விதத்தில் இருக்கிறது. செயலியின் வண்ணப் பலகையில் நீங்கள் தொடும் சிவப்பு ஒரு திரைச் சிவப்பு. எந்த வெயிலிலும் அது நிற்கவில்லை, எந்தக் கேமராவும் அதைப் படம் பிடிக்கவில்லை. உங்கள் காரோ பீடோங் பக்கம் ஒரு காலை வெளிச்சத்தில், உங்கள் கைப்பேசியின் கணக்குப்படி பதிவானது. இந்த இரண்டையும் ஒட்டவைத்தால் பொருந்த நியாயமில்லை.

அட்டையைக் கதவில் ஒட்டுங்கள்

தீர்வு எளிது. நீங்கள் விரும்பும் சாயம் அடித்த ஒரு சிறு அட்டையை வாங்கி, காரின் கதவிலேயே ஒட்டிவிட்டுப் படம் எடுங்கள். அட்டையின் மேல் விழும் வெளிச்சமும் அதைச் சுற்றியுள்ள கதவின் மேல் விழும் வெளிச்சமும் ஒன்றே. இரண்டையும் பார்ப்பது ஒரே கேமரா. வெயில் மஞ்சளாக இருந்தாலும், கைப்பேசி நிறத்தைச் சற்று மிகைப்படுத்தினாலும், இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு பாதிப்புதான். கணக்கில் அது தானாகக் கழிந்துவிடும்.

அட்டை என்றால் விளம்பரக் கையேட்டில் அச்சிட்ட நிறக்கட்டம் அல்ல. அது அச்சு மை. சாயமே அடித்து, மேலே கிளியர் கோட்டும் பூசிய அட்டையோ தகரத் துண்டோ வேண்டும். சாயம் கலந்து தரும் கடைகளில் மாதிரித் துண்டு கேட்டுப் பாருங்கள். ஒரு சிறிய துண்டுக்கு அடித்துக் காட்டுமாறு பட்டறையிலும் கேட்கலாம். அட்டைக்குப் பின்னால் மெல்லிய காந்தப் பட்டை வைத்தால் இரும்புக் கதவில் ஒட்டிக்கொள்ளும். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் அங்கே காந்தம் நிற்காது. எப்படியும் கதவுதான் சிறந்த இடம். அட்டை கதவோடு ஒட்டித் தட்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தூக்கி நின்றால் அதன் கோணம் மாறி, வெளிச்சமும் மாறிவிடும்.

ஒரு வெள்ளி நிற மைவியை எடுத்துக்கொள்வோம். நம் தோட்டப்புறச் சாலைகளில் அதிகம் காணும் கார்களில் அதுவும் ஒன்று. கதவில் ஒரு சிவப்பு அட்டை. படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் உண்டு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகும். GIMP-இல் Color Picker கருவியால் தொட்டால் அவை தெரியும். அட்டையைத் தொட்டால் (150, 25, 35) என்று வருகிறது எனக் கொள்வோம். அட்டைக்கு ஒட்டினாற்போல் இருக்கும் வெள்ளிக் கதவைத் தொட்டால் மூன்றும் 140 என வருகிறது. சற்றுக் கீழே, கதவின் அடிப்பகுதி நிழலில் 70 என வருகிறது.

நிழலில் இருக்கும் வெள்ளி, அட்டைப் பக்கத்து வெள்ளியில் சரிபாதி. அதாவது 70 ÷ 140 = 0.5. எனவே அங்கே சிவப்புச் சாயம் இருந்திருந்தால் அதன் எண்களும் அட்டையின் எண்களில் பாதியாக இருந்திருக்கும்: (75, 13, 18). இப்படி ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிட வேண்டியதுதான்.

```
புதிய எண் = அட்டையின் எண் x (இந்த இடத்து வெள்ளி / அட்டைப் பக்கத்து வெள்ளி)
```

இயற்பியல் தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். படத்தில் உள்ள எண் வெளிச்சத்துக்கு நேர்விகிதம் இல்லையே, 128 என்பது 255-இன் பாதி வெளிச்சம் அல்லவே என்று கேட்கலாம். உண்மைதான். 128 என்ற எண் குறிப்பது முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ 22 விழுக்காட்டைத்தான். கேமரா வெளிச்சத்தை ஏறக்குறைய ஓர் அடுக்கு விதிப்படி சுருக்கிப் பதிவு செய்கிறது. ஆனால் அடுக்கு விதி பெருக்கலையும் வகுத்தலையும் குலைப்பதில்லை. ஆகவே விகிதக் கணக்கு இந்த எண்களிலேயே போதிய அளவு சரியாக வரும்.

இதைக் கையால் செய்ய வேண்டியதில்லை. GIMP-இல் முதலில் சாயம் பூசிய பாகங்களை மட்டும் தேர்வு செய்யுங்கள். கண்ணாடி, விளக்கு, கறுப்புப் பிளாஸ்டிக், எண் பட்டை, டயர் எல்லாம் வெளியே இருக்கட்டும். அட்டையையும் விட்டுவிடுங்கள். பொறுமை தேவைப்படும் வேலை இதுதான். மற்றவை நிமிடங்களில் முடியும். தேர்வு செய்த பகுதியை Desaturate மூலம் சாம்பல் படமாக்குங்கள். அதற்கு மேல் ஒரு புதிய அடுக்கை வைத்து, அதே தேர்வுப் பகுதியை மட்டும் ஒரே நிறத்தால் நிரப்பி, அதன் Mode என்ற இடத்தில் Multiply என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிரப்பும் நிறம் அட்டையின் நிறமே. ஆனால் அதே விகிதத்தில் பிரகாசமாக்கி, பெரிய எண் 255 வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நம் எடுத்துக்காட்டில் 150-ஐ 255 ஆக்க 1.7-ஆல் பெருக்க வேண்டும். மற்ற இரண்டையும் அப்படியே பெருக்கினால் (255, 43, 60) கிடைக்கும். பிறகு கீழே இருக்கும் சாம்பல் படத்தை Levels கொண்டு சற்றே ஏற்றி இறக்குங்கள். எங்கே நிறுத்துவது?

அட்டை மறையும் இடத்தில். முன்னோட்டம் சரியாக அமைந்தால், கதவில் ஒட்டிய சிவப்பு அட்டையும் அதைச் சுற்றி இப்போது சிவப்பாகிவிட்ட கதவும் ஒன்றாகக் கலந்துவிடும். அட்டையின் ஓரம் கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஓரம் இருண்டோ வெளுத்தோ தெரிந்தால் கணக்கில் பிழை இருக்கிறது. சோதனையே படத்துக்குள் இருப்பதுதான் இந்த முறையின் அழகு. திரை மங்கலாக இருந்தாலும், கைப்பேசி பளிச்சென்ற முறையில் இருந்தாலும் இந்தச் சோதனை பாதிக்கப்படாது. அட்டையும் கதவும் ஒரே திரையில் தெரிகின்றன அல்லவா!

வெளிச்சம் தேர்ந்தெடுப்பது

சுங்கை பட்டாணி நிலநடுக்கோட்டிலிருந்து ஐந்தரை பாகைக்குச் சற்று மேலே இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நம் தலைக்கு நேர் மேலே நிற்கும். மற்ற மாதங்களிலும் மிகவும் சாய்ந்துவிடாது. நம் கடிகாரத்தில் அந்த உச்சி நேரம் பிற்பகல் 1.15 வாக்கில் வருகிறது. அப்போது எடுத்த படத்தில் கூரையும் என்ஜின் மூடியும் கொதித்து வெளுக்கும். கதவுகள் இருண்டு கிடக்கும். வெளுத்த இடத்தில் எண் 255-ஐத் தொட்டுவிட்டால் அங்கே எந்த விவரமும் மிச்சமில்லை. 255-க்கு மேல் கேமராவுக்குச் சொல்லத் தெரியாது. அங்கே எந்தச் சாயத்தைப் பெருக்கினாலும் தட்டையான ஒரு திட்டுதான் வரும்.

மேகம் மூடிய காலை ஒன்பது, பத்து மணி நல்லது. திரையில் காரைத் தொட்டு, வெளிச்ச அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள். படம் கொஞ்சம் இருண்டு தெரிவதில் நட்டமில்லை.

தோட்டத்தில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செம்பனை நிழலில் காரை நிறுத்தி எடுக்காதீர்கள். ஓலைகளை ஊடுருவி வரும் வெளிச்சமும் அவற்றில் பட்டு வரும் வெளிச்சமும் பச்சை கலந்தவை. கார் முழுவதும் ஒரே அளவு பச்சையாக இருந்தால் அட்டை அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் அங்கே கூரைக்கு வானத்து நீலமும், பக்கங்களுக்கு ஓலைப் பச்சையும், கதவின் அடிக்குச் செம்மண் பாதையின் சிவப்பும் கிடைக்கின்றன. ஒரே காரில் மூன்று வெளிச்சம். கதவில் ஒட்டிய ஓர் அட்டையால் மூன்றையும் சரிசெய்ய முடியாது. பள்ளித் திடல், கோயில் முன்னே உள்ள சிமெண்டு வெளி போன்ற திறந்த இடம் வேண்டும். காரையும் முதல்நாளே கழுவிவிடுங்கள். செம்மண் தூசி படிந்த வெள்ளி, வெள்ளி அல்ல.

கண்ணாடிபோல் மின்னும் பகுதி

இவ்வளவும் செய்தபின் படத்தைப் பார்த்தால் ஏதோ ஒன்று இடிக்கும். கார் சிவப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஜன்னலுக்குக் கீழே உள்ள விளிம்பில் மின்னும் கோடும் சிவப்பாக இருக்கிறது. சாலையில் நிற்கும் உண்மையான சிவப்புக் காரைப் பாருங்கள். அந்தக் கோடு வெள்ளையாகத்தான் இருக்கும்.

காரணம் கிளியர் கோட். நிறச் சாயத்துக்கு மேலே நிறமற்ற ஒரு தெளிந்த பூச்சு இருக்கிறது. வெளிச்சத்தின் ஒரு பகுதி சாயத்தைத் தொடாமலேயே அந்தப் பூச்சின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்துவிடுகிறது. அதற்குச் சாயத்தின் நிறம் தெரியாது. வானம் வெள்ளை என்றால் வெள்ளை, நீலம் என்றால் நீலம். மீதி வெளிச்சம் உள்ளே போய், சாயத் துகள்களில் சிதறி, நிறம் பெற்று வெளியே வருகிறது. பொருளின் தோற்றத்தை இப்படி இரு கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் முறையை அமெரிக்கக் கணினி அறிவியலாளர் ஸ்டீவன் ஷேஃபர் 1985-இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். படத்தில் நிறம் மாற்றும் நல்ல மென்பொருள்களுக்கு அடிப்படையாக இன்றும் இந்தச் சிந்தனை உதவுகிறது.

நேராகப் பார்க்கும்போது கிளியர் கோட்டின் மேற்பரப்பு சுமார் 4 விழுக்காடு வெளிச்சத்தைத்தான் தெறிக்கிறது. 60 பாகை சாய்வில் அது 9 விழுக்காடு ஆகிறது. 80 பாகையில், அதாவது காரின் பக்கத்தோடு பக்கமாகக் கண்ணை வைத்துப் பார்த்தால், கிட்டத்தட்ட 39 விழுக்காடு. அதனால்தான் காரை ஒட்டி நின்று நீளவாக்கில் பார்க்கும்போது கதவில் எதிர்வீடே தெரிகிறது.

இந்தத் தெறிப்பைப் பெருக்கக்கூடாது, கூட்ட வேண்டும். GIMP-இல் அசல் படத்திலிருந்து மின்னும் கோடுகளை மட்டும் நகலெடுத்து மேலே இன்னோர் அடுக்காக வைத்து, Mode-ஐ Screen ஆக்கி, அடர்த்தியைக் குறைத்தால் ஓரளவு இயல்பாகிவிடும். இங்கே கணித நேர்த்தி கிடைக்காது. கண்ணளவுதான். பக்கத்தில் உண்மையான சிவப்புக் கார் படம் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிடுங்கள்.

உங்களிடம் கறுப்புக் கார் இருந்தால் ஏன் எந்தச் செயலியும் அதை நல்ல வெள்ளைக் காராக்கித் தருவதில்லை என்பதற்கும் இதுவே விடை. கறுப்புச் சாயம் உள்ளிருந்து திருப்பி அனுப்பும் வெளிச்சம் மிகச் சொற்பம். படத்தில் நீங்கள் காணும் கறுப்புக் கார் பெரும்பாலும் கிளியர் கோட்டில் தெரியும் வானமும் மரமும்தான். கதவின் எந்தப் பகுதியில் எவ்வளவு நிழல் என்ற தகவல் அதில் அநேகமாக இல்லை. இல்லாததை வகுக்க முடியாது. கறுப்புக் கார் வைத்திருப்பவர், அதே மாதிரியில் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் கார் வைத்திருக்கும் நண்பரின் காரைப் படம் எடுத்து அதில் நிறம் மாற்றிப் பார்ப்பதே மேல்.

வெள்ளிக் காரிலும் ஒரு சிக்கல்

வெள்ளி நிறம் அடிப்படைக்கு ஏற்றதுபோல் தோன்றினாலும் ஒரு குணம் உண்டு. அந்தச் சாயத்தில் அலுமினியச் செதில்கள் மிதக்கின்றன. அவை பெரும்பாலும் மேற்பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும், சிறு கண்ணாடிகள்போல. ஆகவே வெளிச்சத்தை நோக்கிய பாகம் பளிச்சென்று வெளுக்கும், சற்றுத் திரும்பிய பாகம் வேகமாக இருளும். சாதாரணச் சாயத்தில் இந்த வேறுபாடு மிதமாக இருக்கும்.

இதன் விளைவைக் காண இரண்டாவது அட்டையை என்ஜின் மூடியின் மேல் வையுங்கள். மேலே சொன்ன படத்தில் அங்கே வெள்ளி 224 என்று வந்தால், 224 ÷ 140 = 1.6. சூத்திரப்படி சிவப்பு (240, 40, 56) ஆக வேண்டும். ஆனால் அங்கே வைத்த செதில் இல்லாத சிவப்பு அட்டையைத் தொட்டால், எடுத்துக்காட்டாக, (195, 33, 46) மட்டுமே வரும். அதாவது 1.3 மடங்குதான். முன்னோட்டம் உண்மையைவிட அதிகமாக மினுங்குகிறது. சாதாரணச் சிவப்பை மெட்டாலிக் சிவப்பாகக் காட்டி ஆசை காட்டுகிறது. சாம்பல் படத்தின் மாறுபாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து, இரண்டு அட்டைகளும் ஒருசேர மறையும் இடத்தில் நிறுத்தினால் உண்மைக்குப் பக்கத்தில் வந்துவிடலாம்.

நீங்கள் விரும்பும் புதிய நிறமே மெட்டாலிக் அல்லது முத்துப்பூச்சு என்றால் ஒரு படத்தை நம்பி முடிவு செய்யாதீர்கள். அத்தகைய சாயங்களை அளக்கும் கருவிகள் 15, 45, 110 பாகை எனப் பல கோணங்களில் தனித்தனியாக அளக்கின்றன. ஒரு கோணத்தில் மட்டும் அளந்தால் அந்தச் சாயத்தைச் சொல்லிவிட முடியாது என்பதே காரணம். உங்கள் படம் ஒரே கோணம். அட்டையைக் கையில் எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது எந்தச் செயலியையும்விட அதிகம் சொல்லும்.

படம் காட்டாத இன்னொரு விஷயம் கதவுக்கு உள்பக்கம். முன்னோட்டத்தில் கதவுகள் எப்போதும் மூடியே இருக்கின்றன. பட்டறையில் சொல்லும் விலை பல வேளைகளில் வெளிப்புறத்துக்கு மட்டும்தான். வெளியே சிவப்பு, கதவைத் திறந்தால் வெள்ளி. ஒரு கதவையும் பின்மூடியையும் திறந்துவைத்து ஒரு படம் எடுத்து, வெளிப்புறத்தை மட்டும் சிவப்பாக்கிப் பாருங்கள். அது கண்ணை உறுத்தினால், உட்புறமும் சேர்த்து என்ன விலை என்று முன்பே கேட்டுவிடலாம். நிறம் மாறினால் சாலைப் போக்குவரத்து இலாகாவிடம் தெரிவித்துப் பதிவு விவரத்தையும் திருத்த வேண்டும். அந்த அலைச்சலையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்போர்ட் ரிம் மாட்டிப் பார்ப்பது

ரிம் விஷயத்தில் நிறத்தைவிட அளவுதான் ஏமாற்றும். காரைச் சாய்வாக நின்று எடுத்தால் வட்டமான சக்கரம் நீள்வட்டமாகிவிடும். படத்தில் அதன் உயரம் 300 புள்ளியும் அகலம் 210 புள்ளியும் இருந்தால் விகிதம் 0.7. சக்கரம் ஏறத்தாழ 45 பாகை திரும்பியிருக்கிறது என்று பொருள். ரிம் கடைப் படமோ நேர்முகமாக எடுத்தது. அதை 0.7-ஆகச் சுருக்கி ஒட்டலாம். ஆனால் கம்பிகளின் ஆழம் தெரியாமல் வட்டத் தாளை ஒட்டியதுபோல் இருக்கும். இதைச் சரிசெய்யப் போராடுவதைவிட, நேர்ப்பக்கமாக ஒரு படம் எடுப்பதே எளிது. ஆறேழு மீட்டர் தள்ளி, சக்கர மையத்தின் உயரத்துக்குக் குந்தி, கைப்பேசியைக் காரின் பக்கத்துக்கு இணையாகப் பிடித்து, பெரிதாக்கி எடுங்கள். ஸ்டியரிங் நேராக இருக்கட்டும். படத்தில் சக்கரத்தின் உயரமும் அகலமும் ஒன்றாக வந்தால் சரியாக எடுத்துவிட்டீர்கள்.

இனி அளவு. 2017 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை மைவியில் 1.3 ஜி வகைக்கு 175/65 ஆர்14 டயரும், 1.5 வகைகளுக்கு 185/55 ஆர்15 டயரும் வந்தன. 14 அங்குலத்திலிருந்து 15-க்கு மாறப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டயரில் முதல் எண் மில்லிமீட்டரில் அகலம். இரண்டாவது, பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. பழைய டயரின் பக்கச் சுவர் 113.75 மி.மீ. மேலும் கீழுமாக இரண்டைச் சேர்த்து, 14 அங்குலத்தின் 355.6 மி.மீட்டரையும் கூட்டினால் மொத்த விட்டம் 583 மி.மீ. புதிய டயருக்கு இதே கணக்கு 584.5 தருகிறது. அதாவது சக்கரத்தின் வெளி அளவு மாறவே இல்லை. வேகமானியும் தவறாகக் காட்டாது. முன்னோட்டத்தில் டயரின் வெளி விளிம்பைப் பெரிதாக்கக் கூடாது. உள்ளே இருக்கும் ரிம் மட்டுமே வளர வேண்டும்.

எவ்வளவு வளர வேண்டும்? இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 15 அங்குலம் என்பது டயரின் உள் விளிம்பு ரிம்மின் மேல் உட்காரும் இடத்தின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் ரிம்மின் வெளி உதடு அதற்கு வெளியே ஒவ்வொரு பக்கமும் சுமார் 17 மி.மீ. நீண்டிருக்கும். ஆகவே 15 அங்குல ரிம் பார்வைக்கு 381 அல்ல, ஏறக்குறைய 416 மி.மீ. 14 அங்குல ரிம் ஏறக்குறைய 390 மி.மீ. படத்தில் டயரின் முழு விட்டம் 400 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 1.46 மி.மீ. பழைய ரிம் 267 புள்ளி, புதியது 285 புள்ளி. வித்தியாசம் வெறும் 18 புள்ளி. ரிம்மைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும் டயர், ஒரு பக்கத்துக்கு 66 புள்ளியிலிருந்து 57 ஆகக் குறையும். அவ்வளவுதான்.

பல செயலிகளில் ரிம்மைக் கையால் இழுத்து வைக்கும்போது, அழகுக்காக நாமே அதை டயரின் விளிம்புவரை பெரிதாக்கிவிடுகிறோம். கறுப்பு வளையம் 30 புள்ளிக்கு மெலிந்துவிடுகிறது. அது 17 அங்குலத்தையும் தாண்டிய ரிம்மின் தோற்றம். அதைப் பார்த்து 15 அங்குலம் வாங்கியவருக்கு, மாட்டிய பிறகு "என்ன, சின்னதா இருக்கே" என்று தோன்றும். முன்னோட்டத்தை மூடுவதற்கு முன் கறுப்பு வளையத்தை ஒருமுறை அளந்துவிடுங்கள்.

கடைசியாக, நேர்ப்பக்கப் படத்தில் ஆழம் என்ற ஒன்று கிடையாது. மைவிக்கு நான்கு போல்ட்டு, 100 மி.மீ. வட்டம், கடைக்காரர் 4 x 100 என்பார். அது பொருந்தினாலும் ரிம் உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு நிற்கும் என்பதை ஆஃப்செட் என்ற வேறோர் எண் தீர்மானிக்கிறது. ரிம்மின் பின்புறத்தில் ஈடி என்ற எழுத்துகளோடு அது பொறித்திருக்கும். ஈடி 40-க்குப் பதில் ஈடி 25 வாங்கினால், ரிம்மின் அகலம் ஒன்றாகவே இருந்தாலும், சக்கரம் 15 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். பக்கத்திலிருந்து எடுத்த படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பின் இருக்கையில் மூவர் ஏறி, சாலை மேட்டில் கார் குதிக்கும்போது டயர் மட்கார்டில் உரசுவது அப்போதுதான் கேட்கும். ஆகவே முன்னோட்டம் பிடித்திருந்தால், கடைக்குப் போகும்போது பழைய ரிம்மின் ஈடி எண்ணைக் குறித்து எடுத்துச் செல்லுங்கள். மட்கார்டின் விளிம்பிலிருந்து நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, டயர் அந்த நூலுக்கு எத்தனை மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்றும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.